'லிங்க் கீழே இருக்கு!' - அதோடு சொல்ல வேண்டிய இன்னொரு வரி

தர்மபுரி மாவட்டத்தில் பல வீடுகளில் ராகிக் களி இன்றும் அன்றாடச் சாப்பாடு. ராகியை வீட்டிலேயே அரைக்க மாவு மெஷின் வாங்க நினைப்பவர்கள் முதலில் பார்ப்பது யூடியூப் ரிவ்யூவைத்தான். 'சூப்பரா அரைக்குது, லிங்க் டிஸ்கிரிப்ஷன்ல இருக்கு' என்று வீடியோ முடியும். அந்த லிங்க் வழியாக வாங்கினால் ரிவ்யூ செய்தவருக்குக் கமிஷன் போகும். இதில் தப்பே இல்லை. பார்ப்பவருக்கு அது தெரியாமல் இருப்பதுதான் தப்பு.

கமிஷன் எங்கே விளையாடுகிறது?

பென்னாகரத்தில் ஓர் இல்லத்தரசி சமையல் சேனல் நடத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மெஷின்களை ரிவ்யூ செய்கிறார். ஒன்று 16,000 ரூபாய், இன்னொன்று 9,000 ரூபாய். கமிஷன் 5 சதவிகிதம் என்றால், முதலாவதில் 800 ரூபாய், இரண்டாவதில் 450 ரூபாய். டவுனில் இருக்கும் கடையில் வாங்கச் சொன்னால் ஒரு ரூபாய்கூட வராது. ஆக, 'உங்களுக்கு விலை கூடாது' என்று அவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனால், விலை குறைந்த மெஷினும் உள்ளூர்க் கடையும் பேச்சிலிருந்து தானாக நழுவிப் போகும். பொய் சொல்லாமலேயே ரிவ்யூ சாய்ந்துவிடுவது இப்படித்தான்.

விதி என்ன சொல்கிறது?

விளம்பரத் துறையின் சுயகட்டுப்பாட்டு அமைப்பான 'ஆஸ்கி', 2021 ஜூன் 14 முதல் இதற்கான நெறிமுறைகளை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. 2023 ஜனவரியில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறையும் ஒரு வழிகாட்டியை வெளியிட்டது. பணம் மட்டுமல்ல... இலவசப் பொருள், தள்ளுபடி, பயணச் செலவு என எது வாங்கியிருந்தாலும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

எங்கே சொல்வது என்பதற்கும் கணக்கு இருக்கிறது. 15 விநாடிக்குள் முடியும் வீடியோவில் அறிவிப்பு குறைந்தது 3 விநாடியாவது தெரிய வேண்டும். 2 நிமிடமோ அதற்கு மேலோ ஓடும் வீடியோவில், அந்தப் பொருளைப் பற்றிப் பேசும் பகுதி முழுக்கத் தெரிய வேண்டும். பதிவாக எழுதினால், 'more' என்பதை அழுத்தினால்தான் தெரியும் இடத்திலோ, ஹேஷ்டேக் கூட்டத்துக்கு நடுவிலோ ஒளித்துவைக்கக் கூடாது.

பொருளைப் பற்றித் தவறான தகவல் தந்து மக்களைத் திசைதிருப்பினால், 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. மீண்டும் செய்தால் 50 லட்சம் வரை போகலாம். பொருளைப் பரிந்துரைப்பவருக்கும் இது பொருந்தும். சொல்லும் தகவல் சரிதானா என்று முன்கூட்டியே உரிய கவனத்தோடு சரிபார்த்தவருக்குச் சட்டம் பாதுகாப்பும் தருகிறது.

எந்த வரி சரியான வரி?

அமேசான் தன் லிங்க்கைப் பயன்படுத்துபவர்களிடம் 'As an Amazon Associate I earn from qualifying purchases' என்ற வரியையோ, அதே பொருள் தரும் வரியையோ போடச் சொல்கிறது. பலர் இதை அப்படியே ஒட்டிவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். கம்பெனிக்குச் சொல்ல வேண்டியது முடிந்தது, சரி. தமிழில் வீடியோ பார்க்கும் பாலக்கோட்டுப் பெண்ணுக்கு என்ன புரிந்திருக்கும்? 'சேனலுக்கு சப்போர்ட் பண்ணுங்க' என்பதிலும் பணம் வருவது தெரியாது.

'இந்த லிங்க்கில் நீங்கள் வாங்கினால் எனக்குக் கமிஷன் கிடைக்கும்' - இது போதும். லிங்க்குக்குப் பக்கத்திலேயே எழுத வேண்டும். லிங்க்கைப் பற்றிப் பேசும்போது வாயாலும் சொல்ல வேண்டும். மெஷின் இலவசமாக வந்ததென்றால் அது தனி வரி: 'இந்த மெஷினைக் கம்பெனி இலவசமாகக் கொடுத்தது.'

வரி மட்டும் போதாது

கமிஷனைச் சொல்லிவிட்டதாலேயே ரிவ்யூ நேர்மையாகிவிடாது. எத்தனை நாள் பயன்படுத்தினார், எத்தனை கிலோ ராகி அரைத்தார், தொடர்ந்து ஓடினால் எவ்வளவு நேரத்தில் மோட்டார் சூடாகிறது, மாவைச் சலித்தால் கப்பி எவ்வளவு நிற்கிறது என்பதெல்லாம் அதில் வர வேண்டும். ரிப்பேர் என்றால் தர்மபுரியிலேயே பார்க்க முடியுமா, சேலம் வரை தூக்கிப் போக வேண்டுமா என்பதும் வர வேண்டும். சோதிக்காததை 'இதை நான் பார்க்கவில்லை' என்று சொல்ல வேண்டும். யாருக்கு இந்த மெஷின் தேவையில்லை என்றும் சொன்னால் நம்பிக்கை இன்னும் கூடும்.

பார்ப்பவர்களும் ஒன்றைக் கவனிக்கலாம். லிங்க்கை பிரவுசரில் திறந்தால், அமேசான் முகவரியில் `tag=` என்று தொடங்கி `-21` என முடியும் சொல்லோ, ஃபிளிப்கார்ட் முகவரியில் `affid=` என்பதோ இருந்தால் அது கமிஷன் லிங்க். அதைப் பற்றி வீடியோவில் ஒரு வார்த்தைகூட இல்லையென்றால், அந்தப் பாராட்டைக் கொஞ்சம் தள்ளிவைத்து, இன்னும் இரண்டு ரிவ்யூக்களைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். பொய்யான தகவலை நம்பி வாங்கி ஏமாந்தவர்கள், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம்.