மடிப்பில் ஒளித்து வைத்த மூன்று அங்குலம்

சீருடை தைக்கக் கொடுக்கும்போது, "வளர்ற பிள்ளை, கீழே மூணு அங்குலம் மடிச்சு வைங்க" என்று டெய்லரிடம் சொல்கிறோம். அந்த மடிப்பு அடுத்த ஆண்டு கைகொடுக்குமா என்பது துணியின் கையில் இருக்கிறது.

எட்டு வயதுப் பிள்ளை ஆண்டுக்கு 5, 6 செ.மீ. வளரும். அதில் பாதியாவது காலில் ஏறும் என்பதால், பேண்ட் சுமார் 3 செ.மீ. இறங்கவேண்டும். சுருக்க நீக்கம் செய்யாத சுத்தப் பருத்தித் துணி முதல் சில சலவைகளில் நூற்றுக்கு நான்கு பங்கு சுருங்குவது சாதாரணம். 70 செ.மீ. நீள பேண்டில் அது 2.8 செ.மீ. பிள்ளை வளர்வதற்கு முன்பே ஓராண்டு மடிப்பைத் துணி விழுங்கிவிடுகிறது. பருத்தி இழை தண்ணீரில் ஊதும்; தறியில் இழுத்துக் கட்டப்பட்ட நூலும் தளர்ந்து குறுகும். பாலியஸ்டர் அப்படி ஊதாது. ஆலையிலேயே சூடேற்றி அதன் அளவை நிலைப்படுத்தியும் விடுகிறார்கள். 65 பங்கு பாலியஸ்டரும் 35 பங்கு பருத்தியும் கலந்த துணி பெரும்பாலும் ஒரு பங்குதான் சுருங்கும்.

அடுத்தது நிறம். சாயமிட்ட பருத்தி வெயிலிலும் சோப்பிலும் வெளுக்கும். மடிப்பைப் பிரித்தால், உள்ளே இருந்த பகுதி மட்டும் அடர்ந்த பட்டையாகத் தெரியும். கலப்புத் துணியில் இந்த வேறுபாடு குறைவு. ஆனால் அங்கே ஒரு எச்சரிக்கை உண்டு: மடிப்பு விளிம்பில் சூடாக இஸ்திரி அழுத்தினால் பாலியஸ்டரில் அந்தக் கோடு நிலைத்துவிடும், பிறகு போகாது. விளிம்பில் லேசாக மட்டும் தேய்க்கச் சொல்லுங்கள்.

உழைப்பில் எது மேல்? பருத்தியைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. ஈரத்தில் அது இன்னும் வலுப்பெறும் இழை. அதன் எதிரி உராய்வு. முட்டி, பின்புறம், காலர் மடிப்பு ஆகிய இடங்கள் முதலில் நைவது அதனால்தான். ஒரே எடையுள்ள துணிகளை ஒப்பிட்டால் கலப்புத் துணி அங்கே தெளிவாகக் கூடுதல் நாள் தாங்கும். உராயும் இடத்தில் பருத்தி முதலில் தேய்ந்துபோகும், பாலியஸ்டர் பிடித்துக்கொண்டிருக்கும். ஆகவே சட்டென்று கிழியாமல் துணி மெல்லியதாகும். கூடவே சிறு பிசிறு உருண்டைகள் மேலே ஒட்டிக்கொள்ளும். பருத்தியில் இவை தானே உதிரும்; இதில் வலுவான இழை விடாமல் பிடித்துவைக்கும்.

இதற்கு விலை வியர்வை. பருத்தி ஈரத்தை உறிஞ்சும், பாலியஸ்டர் ஏறக்குறைய உறிஞ்சாது. சட்டையே உடம்போடு ஒட்டுவதால், மின்விசிறி குறைந்த வகுப்பறைக்கும் தோல் அரிப்பு உள்ள பிள்ளைக்கும் பருத்தி மிகுந்த சட்டையும் கலப்புத் துணி பேண்டும் எடுப்பதையே நான் பரிந்துரைப்பேன்.

கடையில் சொல்லும் விகிதத்தை நம்ப முடியவில்லையா? ஓர நூல் ஒன்றை இடுக்கியில் பிடித்து, பெரியவர்கள் கொளுத்திப் பார்க்கலாம். சுத்தப் பருத்தி காகிதம்போல் எரிந்து மெல்லிய சாம்பலாகும். பாலியஸ்டர் கலந்திருந்தால் நுனி உருகி, ஆறியதும் கெட்டியான கறுப்பு மணியாக நிற்கும்.