பெயர் இல்லாத செய்திகளின் சொந்தக்காரர்

உயர் நீதிமன்றச் செய்திகளுக்கு நிருபர் தேடும் ஆசிரியரின் மேசைக்கு ஒரு விண்ணப்பம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ‘நீதிமன்றம், குற்றம், அரசியல், சினிமா: ஐந்து ஆண்டு அனுபவம்’ என்கிறது. எல்லாத் துறையும் எழுதியவர் எதிலும் ஊன்றவில்லையோ என்ற சந்தேகம் நியாயமானது. ஆனால் சிறிய ஊர்ப் பதிப்புகளில் ஒரே நிருபர்தான் எல்லாவற்றையும் பார்ப்பார். அதனால் முடிவுக்கு வருமுன் இணைத்திருக்கும் செய்தி நறுக்குகளைப் படிக்க வேண்டும்.

இங்கே ஒரு சிக்கல். தமிழ் நாளிதழ்களில் பல செய்திகள் ‘நமது நிருபர்’ என்றே வரும்; எழுதியவர் பெயர் இருக்காது. ஆகவே நறுக்கைக் காட்டுவது மட்டும் சான்றாகாது. வழக்கு எண்ணைக் கேளுங்கள். எழுதியவருக்கு அது குறிப்பேட்டில் இருக்கும். அந்த எண்ணை வைத்து நீதிமன்ற இணையதளத்தில் உத்தரவை எடுத்து, செய்தியோடு ஒப்பிடலாம்.

ஒரு நறுக்கின் தலைப்பு ‘அரசாணை ரத்து’ என்கிறது. உத்தரவிலோ இடைக்காலத் தடைதான். தலைப்பு துணை ஆசிரியர் வைத்ததாக இருக்கலாம், அதை மன்னிக்கலாம். செய்தியின் உள்ளேயும் ரத்து என்றே இருந்தால், அவருக்கு இந்தத் துறை இன்னும் பிடிபடவில்லை.

பிறகு அதே வழக்கின் தொடர் செய்திகளைக் கேளுங்கள். தடை விதித்த நாளோடு நின்றுவிட்டவரைவிட, இறுதித் தீர்ப்பு வரை எழுதியவரையே நான் எடுப்பேன், விருதுப் பட்டியல் எவ்வளவு நீளமாக இருந்தாலும்.