கசிந்ததைச் சொல்லும் கடிதம்

ஆஸ்திரேலியாவில் ரத்ததானம் செய்ய விரும்புவோர், செஞ்சிலுவைச் சங்கத்தின் ரத்தச் சேவை இணையதளத்தில் நேரம் பதிவு செய்துகொள்வார்கள். அந்தத் தளத்தைப் பராமரித்தது வெளி நிறுவனம் ஒன்று. 2016 செப்டம்பர் 5ஆம் தேதி அந்த நிறுவனத்தின் ஊழியர் ஒருவர், தகவல் தொகுப்பின் நகல் கோப்பை யார் வேண்டுமானாலும் எட்டக்கூடிய இடத்தில் தவறுதலாக வைத்துவிட்டார். ஏழு வாரம் அது அங்கேயே கிடந்தது. இப்படித் திறந்து கிடக்கும் கோப்புகளைத் தேடி இணையத்தைத் துழாவிக்கொண்டிருந்த ஒருவர் அதைக் கண்டெடுத்து, டிராய் ஹன்ட் என்ற இணையப் பாதுகாப்பு நிபுணரிடம் தெரிவித்தார். கோப்பில் சுமார் 5,50,000 கொடையாளர்களின் விவரங்கள் இருந்தன. ஹன்ட்டின் விவரமும் அதில் ஒன்று.

பெயர், முகவரி, கைப்பேசி எண், பிறந்த தேதி ஆகியவற்றோடு இன்னொன்றும் அதில் இருந்தது. ரத்தம் கொடுக்கத் தகுதியுண்டா என்று அறியக் கேட்கப்படும் கேள்விகளில், கடந்த 12 மாதங்களில் ஆபத்தான பாலுறவில் ஈடுபட்டீர்களா என்பதும் உண்டு. ஒருவர் வீட்டாரிடம்கூடச் சொல்லத் தயங்கும் அந்தப் பதிலும் அவர் பெயருக்கு நேரே இருந்தது.

அக்டோபர் 26ஆம் தேதி விஷயம் ரத்தச் சேவைக்குத் தெரியவந்தது. 28ஆம் தேதி அதன் தலைமை அதிகாரி ஷெல்லி பார்க் பத்திரிகையாளர்கள் முன் வந்து, பொறுப்பை ஏற்று மன்னிப்புக் கேட்டார். தவறு வெளி நிறுவனத்தின் கையில் நடந்தது என்றாலும் பழியை அதன் மேல் தள்ளிவிட்டு ஒதுங்கவில்லை. கொடையாளர்களுக்குக் குறுஞ்செய்தியும் மின்னஞ்சலும் போயின. சந்தேகம் கேட்கத் தொலைபேசி எண் தரப்பட்டது. அப்போது ஆஸ்திரேலியாவில் கசிவைச் சொல்லியே ஆகவேண்டும் என்ற பொதுச் சட்டம் இல்லை. அந்தக் கட்டாயம் 2018 பிப்ரவரியில்தான் நடைமுறைக்கு வந்தது. இதையெல்லாம் விசாரித்த அந்நாட்டுத் தகவல் ஆணையர் அலுவலகம், கசிவுக்குப் பின் சங்கம் நடந்துகொண்ட விதத்தைப் பாராட்டியது. தேவை முடிந்த பிறகும் பழைய விவரங்களைத் தளத்தில் வைத்திருந்தது தவறு என்றும் அதே அறிக்கை கண்டித்தது. நேர்மையாகச் சொன்னதால் குற்றம் இல்லையென்று ஆகிவிடாது. ஆனால் விவரத்தைப் பறிகொடுத்தவருக்கு, அடுத்து என்ன செய்வது என்று யோசிக்க இரண்டே நாளில் வழி கிடைத்தது.

அந்த யோசனைக்கு உதவாத கடிதங்கள்தான் நமக்குப் பெரும்பாலும் வருகின்றன. “சில வாடிக்கையாளர்களின் சில விவரங்கள் பாதிக்கப்பட்டிருக்கலாம். உங்கள் பாதுகாப்பே எங்கள் முதல் அக்கறை. கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளுங்கள்.” இதைப் படிப்பவருக்கு, அந்தச் ‘சில’ வாடிக்கையாளர்களில் தான் ஒருவரா என்பதே தெரியாது. கடவுச்சொல் கசியவே இல்லை என்றால் அதை மாற்றி என்ன பயன்? பாதுகாப்பு வழி, கசிந்த பொருளைப் பொறுத்தது. கடவுச்சொல் போனால் மாற்றலாம். அதே கடவுச்சொல்லை வேறு எங்கெல்லாம் வைத்திருக்கிறோமோ அங்கும் மாற்ற வேண்டும். கடன் அட்டை எண் போனால் வங்கியில் சொல்லி அட்டையை முடக்கலாம். பிறந்த தேதியையோ நோயின் பெயரையோ மாற்ற முடியாது. அங்கே கடிதம் செய்யக்கூடியது, அந்த விவரத்தை வைத்து எப்படி ஏமாற்ற வருவார்கள் என்று முன்கூட்டியே காட்டிக்கொடுப்பதுதான்.

ஒரு கற்பனை உதாரணம் பார்ப்போம். நம் ஊர் ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில் கசிவு நடந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் கடிதம் இப்படி இருக்கலாம்:

“மே 3ஆம் தேதி இரவு வெளியார் ஒருவர் எங்கள் கணினிக்குள் நுழைந்து, 2022 முதல் இங்கே பரிசோதனை செய்துகொண்டவர்களின் பெயர், கைப்பேசி எண், பரிசோதனை முடிவு ஆகியவற்றை நகலெடுத்திருக்கிறார். உங்கள் விவரமும் அதில் இருக்கிறது. ஆதார் எண்ணையும் வங்கி விவரத்தையும் நாங்கள் வாங்குவதில்லை. ஆகவே அவை போகவில்லை. நுழைந்த வழியை 4ஆம் தேதி காலை அடைத்துவிட்டோம். நகல் இப்போது யாரிடம் இருக்கிறது என்பது தெரியவில்லை. உங்களுக்குச் சர்க்கரை இருப்பதைச் சரியாகச் சொல்லி, மருந்து விற்கவோ காப்பீட்டுப் பணம் தருவதாகவோ யாராவது அழைக்கலாம். விவரம் சரியாக இருக்கிறதே என்று நம்பிவிடாதீர்கள். ஓ.டி.பி. எண்ணை யாருக்கும் சொல்லாதீர்கள். பணம் போய்விட்டால் உடனே 1930க்கு அழையுங்கள். உங்கள் ரசீதில் உள்ள எங்கள் எண்ணில் கேள்விகளுக்குப் பதில் சொல்ல ஆள் இருப்பார்.”

இதில் எழுதக் கடினமான வரி, “தெரியவில்லை” என்பது. வழக்கறிஞர்களும் விளம்பரப் பிரிவும் முதலில் அடித்துவிடப் பார்ப்பதும் அதைத்தான். அதற்குப் பதிலாக “தவறாகப் பயன்படுத்தப்பட்டதற்கு ஆதாரம் ஏதும் இல்லை” என்று எழுதிவிடுவார்கள். தேடிப் பார்த்து ஆதாரம் இல்லை என்பதும், இன்னும் தேடவே இல்லை என்பதும் படிப்பவருக்கு ஒன்றுபோலத்தான் தெரியும். எதைச் சோதித்தோம், எது பாக்கி, அடுத்த தகவல் எந்தத் தேதியில் வரும் என்பதைச் சேர்த்துச் சொன்னால்தான் அந்த வரிக்கு மதிப்பு.

கடவுச்சொற்களைப் பூட்டி வைத்துக் காக்கும் லாஸ்ட்பாஸ் நிறுவனத்தில் இதுதான் நடந்தது. 2022 ஆகஸ்டில், வாடிக்கையாளர் விவரம் எடுக்கப்பட்டதற்கு ஆதாரம் இல்லை என்றது. நவம்பரில், வாடிக்கையாளர் தகவலில் சில பகுதிகள் எட்டப்பட்டன என்றது. கிறிஸ்துமஸுக்கு மூன்று நாள் முன்பு, வாடிக்கையாளர்களின் பெட்டகங்களே நகலெடுக்கப்பட்டுவிட்டன என்று தெரிவித்தது. பெட்டகத்துக்குள் கடவுச்சொற்கள் மறையாக்கப்பட்டிருந்தன. எந்தெந்த இணையதளங்களுக்கு உரியவை என்ற முகவரிகள் மறையாக்கப்படவில்லை. முதல் செய்தியைப் படித்து நிம்மதியாக இருந்தவர்களுக்கு நான்கு மாதம் வீணாகிவிட்டது. விசாரணையில் உண்மை படிப்படியாகத்தான் தெரியவரும் என்பது நியாயமே. அப்படியானால் முதல் கடிதத்திலேயே, இது முடிந்த முடிவல்ல என்று அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும்.

செய்தி போய்ச் சேரும் வழியிலும் ஆபத்து இருக்கிறது. கசிவுச் செய்தி வெளியானதுமே மோசடிக்காரர்கள் அதேபோலப் போலிக் கடிதம் அனுப்புவார்கள். அமெரிக்காவின் ஈக்விஃபாக்ஸ் நிறுவனம் 2017இல் கோடிக்கணக்கானோரின் விவரங்களைப் பறிகொடுத்தபோது, மக்கள் சரிபார்த்துக்கொள்ள equifaxsecurity2017.com என்று புதிதாக ஒரு தளம் திறந்தது. அந்தப் பெயரைப் போலிசெய்வது எவ்வளவு எளிது என்று காட்ட, மென்பொருள் வல்லுநர் ஒருவர் சொற்களை முன்பின்னாக மாற்றி securityequifax2017.com என்று ஒரு தளத்தை உருவாக்கினார். நிறுவனத்தின் அதிகாரபூர்வ ட்விட்டர் கணக்கே பலமுறை அந்தப் போலி முகவரியை மக்களுக்குக் கொடுத்துவிட்டது. ஏற்கெனவே மக்களுக்குத் தெரிந்த தளத்திலேயே அறிவிப்பை வைப்பதும், கடிதத்தில் அழுத்தச் சொல்லும் இணைப்பு எதையும் கொடுக்காமல் இருப்பதும்தான் பாதுகாப்பு.

இந்தியாவில் 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், கசிவைப் பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் தெரிவிக்கச் சொல்கிறது. 2025 நவம்பரில் வெளியான விதிகள் அந்தக் கடிதத்தில் இருக்க வேண்டியதையும் வகுத்திருக்கின்றன: கசிவின் தன்மை, அளவு, நடந்த நேரம், அதனால் அவருக்கு வரக்கூடிய விளைவு, நிறுவனம் எடுத்த நடவடிக்கை, அவர் செய்துகொள்ள வேண்டிய பாதுகாப்பு, கேள்விகளுக்குப் பதில் சொல்பவரின் தொடர்பு விவரம். இதைத் தாமதமின்றி, எளிய நடையில் சொல்ல வேண்டும். இந்தக் கடமைகள் நடைமுறைக்கு வர விதிகள் 18 மாத அவகாசம் தருகின்றன. அதுவரை உங்களுக்கு வரும் கடிதத்தில் இவற்றில் எது விடுபட்டிருந்தாலும் அந்த நிறுவனத்துக்கு எழுதிக் கேளுங்கள். முதலில் கேட்க வேண்டியது, என் விவரங்களில் எவையெவை போயின என்பது.