பதினான்கு வரி இருந்தாலே சானெட்டா?

ஆங்கில இலக்கியத் தேர்வுகளில் ஒரே வரியில் விளக்கம் தந்து, இது எந்தக் கவிதை வகை என்று கேட்பார்கள். விடைகளாக சானெட், பாலட், எலிஜி, ஓட் ஆகிய நான்கும் வரிசையாக நிற்கும். மாணவர்கள் பெரும்பாலும் ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல்லை மனப்பாடம் செய்து வைத்திருப்பார்கள்: பதினான்கு வரி, கதை, சாவு, புகழ்ச்சி. கேள்வி கொஞ்சம் திரும்பினாலும் இது கைகொடுக்காது. காரணம், இந்த நான்கும் ஒரே அடிப்படையில் வைக்கப்பட்ட பெயர்கள் அல்ல.

தமிழில் வெண்பா என்பது யாப்பால் வந்த பெயர். கையறுநிலை என்பது பொருளால் வந்த பெயர். ஒருவரின் மறைவுக்கு இரங்கி வெண்பாவில் பாடினால் அதற்கு இரண்டு பெயருமே பொருந்தும். ஆங்கிலத்திலும் அப்படித்தான். சானெட் யாப்பால் அறியப்படுவது. எலிஜி பொருளால் அறியப்படுவது. பாலட்டுக்கு யாப்பும் உண்டு, சொல்லும் முறையும் உண்டு. ஓட் என்பதை முக்கியமாக அதன் தொனியையும் விளிப்பையும் வைத்தே அடையாளம் காண வேண்டும். ஆகவே விளக்கத்தைப் படித்ததும், அது கவிதையின் கட்டமைப்பைச் சொல்கிறதா, பாடுபொருளைச் சொல்கிறதா என்று முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும்.

கடலில் மூழ்கி இறந்தவர்களைப் பற்றிய இரண்டு கவிதைகளை எடுத்துக்கொள்வோம். 'சர் பேட்ரிக் ஸ்பென்ஸ்' ஸ்காட்லாந்தில் வாய்மொழியாக வழங்கி வந்த பழம்பாடல். குளிர்காலத்தில் கடலுக்குப் போகச் சொல்லி ஒரு மாலுமிக்கு அரசன் கடிதம் அனுப்புகிறான். அவன் போகிறான், கப்பல் மூழ்குகிறது, கரையில் பெண்கள் காத்திருக்கிறார்கள். இவ்வளவும் உரையாடலாலும் சட்டென்று மாறும் காட்சிகளாலும் சொல்லப்படுகிறது. பாடுபவர் தன் துக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. மில்டனின் 'லிசிடாஸ்' வேறு மாதிரி. 1637இல் அயர்லாந்துக் கடலில் மூழ்கி இறந்த எட்வர்ட் கிங், மில்டனோடு கேம்பிரிட்ஜில் படித்தவர். கவிதை அவரை ஓர் ஆட்டிடையனாக உருவகித்து அழுகிறது. இயற்கையே துக்கம் காக்கிறது, பாடைக்கு மலர்கள் கேட்கப்படுகின்றன, கடைசியில் அவர் உயர்ந்த நிலையில் வாழ்கிறார் என்ற ஆறுதலில் மனம் தேறுகிறது. முதலாவது பாலட், இரண்டாவது எலிஜி. இரண்டிலும் சாவு இருக்கிறது. ஆனால் ஒன்று நடந்ததைச் சொல்கிறது, மற்றொன்று இழப்பை நினைத்து இரங்குகிறது. 'இடையர் உலகத்தின் பின்னணியில் அமைந்த இரங்கல்' என்று கேள்வியில் வந்தால், அது பாஸ்டோரல் எலிஜி என்னும் உட்பிரிவு.

நான்கு வரிக் கண்ணிகள் என்று மட்டும் சொல்லியிருந்தால் பாலட் என்று குறித்துவிடக் கூடாது. பாலட் கண்ணியில் முதல், மூன்றாம் வரிகளில் நான்கு அழுத்தம், இரண்டாம், நான்காம் வரிகளில் மூன்று. இரண்டாவதும் நான்காவதும் மட்டுமே இயைந்து முடியும். 1751இல் வெளியான தாமஸ் கிரேயின் கல்லறைத்தோட்ட எலிஜியிலும் நான்கு வரிகள்தாம். அங்கே எல்லா வரிக்கும் ஐந்து அழுத்தம், ஒன்றுவிட்டு ஒன்று இயையும். தேர்வில் அதை எலிஜியாக் ஸ்டான்ஸா என்பார்கள். அந்தக் கவிதை தனி ஒருவருக்கான இரங்கலும் அல்ல. பெயர் தெரியாமல் மண்ணில் கிடக்கும் கிராமத்தார் எல்லோரையும் நினைத்து எழுதியது. 'ஒருவரின் மரணத்தைப் பாடுவது' என்ற குறுகிய விளக்கத்தை மட்டும் நம்பியிருப்பவர் இதில் தடுமாறுவார்.

எலிஜியாக் கப்லெட் என்ற சொல்லும் குழப்பும். பண்டைய கிரேக்கத்தில் எலிஜி என்பது ஆறு சீர் வரியும் ஐந்து சீர் வரியும் இணைந்த ஈரடி யாப்பு. அதில் போரையும் காதலையும்கூடப் பாடினார்கள். ஆங்கிலத்துக்கு வந்த பிறகே அது பெரும்பாலும் இரங்கலுக்கு உரியதாகச் சுருங்கியது. ஆகவே கேள்வி கிரேக்க, லத்தீன் யாப்பைப் பற்றியதானால் துக்கத்தைத் தேட வேண்டியதில்லை.

இனி சானெட். வரி எண்ணிக்கையைவிட, வரிகள் பிரியும் விதத்தையே பெரும்பாலும் சோதிக்கிறார்கள். எட்டும் ஆறுமாகப் பிரிந்தால் பெட்ரார்க் வகை. மூன்று நாலடிகளும் கடைசியில் ஓர் ஈரடியும் வந்தால் ஷேக்ஸ்பியர் வகை. ஆனால் ஷெல்லியின் 'ஓட் டு தி வெஸ்ட் விண்ட்' கவிதையைப் பாருங்கள். ஐந்து பகுதிகள், ஒவ்வொன்றிலும் பதினான்கு வரிகள், ஒவ்வொன்றும் ஈரடியில் முடிகிறது. எண்ணிப் பார்ப்பவர் சானெட் வரிசை என்றே நினைப்பார். உள்ளே மூன்று மூன்று வரிகளாகச் சங்கிலிபோல் இயைபு கோத்துச் செல்வது டெர்ஸா ரீமா என்னும் இத்தாலிய முறை. காற்றை நேரில் நிற்பவரைப் போல் அழைத்து, அதன் ஆற்றலை வியந்து, தனக்கும் அதைத் தா என்று கவிஞர் மன்றாடுவதாக ஐந்து பகுதிகளும் ஒரே வேண்டுதலாக ஓடுகின்றன. அதனால்தான் அது ஓட். விளக்கத்தில் 'உயர்ந்த நடை', 'விளித்துப் பாடுவது' என்னும் குறிப்புகள் இருந்தால், வரி எண்ணிக்கை என்னவாக இருந்தாலும் அவற்றுக்கே முதலிடம் தர வேண்டும்.