எந்த ஃபவுலர்?

“வெண்குறுமீன் எவ்வளவு நிறை வரை தாங்கும் என்று கணக்கிட்டவரோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் பிறந்த நகரில் எந்த இரண்டு ஆறுகள் கூடுகின்றன?”

இந்தக் கேள்வியில் ஆளின் பெயரும் இல்லை, ஊரின் பெயரும் இல்லை. இதை அப்படியே ஒரு தேடுபொறியில் இட்டால் வெண்குறுமீன் பற்றிய பக்கங்கள் வரும், நோபல் பரிசுப் பட்டியல்கள் வரும். விடை இருக்கும் பக்கம் வருவதற்கு வாய்ப்பு குறைவு. தேடுபொறி சொற்களைப் பொருத்திப் பார்க்கிறது. புதியவை கேள்வியையும் பக்கத்தையும் எண்வரிசைகளாக மாற்றி, பொருளில் எது நெருக்கம் என்று அளக்கின்றன. எந்த முறையானாலும், ஓர் ஊரின் ஆறுகளைப் பற்றிய பத்திக்கும் விண்மீன் இயற்பியலுக்கும் ஒட்டுறவே கிடையாது. இரண்டையும் இணைக்கும் பெயர்கள் கேள்விக்கு வெளியே இருக்கின்றன. ஒரு தேடலில் கிடைத்ததை வைத்து அடுத்த தேடலை எழுதினால்தான் அந்தப் பெயர்கள் கைக்கு வரும்.

முதல் தேடல் எளிது. வெண்குறுமீன் என்பது எரிபொருள் தீர்ந்து சுருங்கிப்போன விண்மீன். அதன் நிறை சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்குக்கு மேல் போனால் தன் எடையைத் தானே தாங்காது. இதற்குச் சந்திரசேகர் எல்லை என்று பெயர். ஆக, நம் முதல் ஆள் 1910இல் லாகூரில் பிறந்த சுப்பிரமணியன் சந்திரசேகர். அடுத்து அவருடைய நோபல் பரிசைத் தேடுகிறோம். 1983, இயற்பியல், பாதி அவருக்கு, மறுபாதி ஃபவுலருக்கு.

சறுக்கும் இடம் இதுதான். மூன்றாவது தேடலுக்கு எதைக் கொண்டுபோவது? கைக்கு வந்த பெயர் ஃபவுலர், ஏற்கெனவே தெரிந்த பெயர் சந்திரசேகர். இரண்டையும் சேர்த்து, கேள்வியில் இருந்த வெண்குறுமீனையும் போட்டுத் தேடினால் ரால்ஃப் ஃபவுலர் முன்னால் வந்து நிற்க எல்லா நியாயமும் உண்டு. கேம்பிரிட்ஜில் சந்திரசேகருக்கு ஆய்வு வழிகாட்டியாக இருந்தவர் அவர்தான். வெண்குறுமீன் ஏன் நொறுங்கிப் போகாமல் நிற்கிறது என்பதைக் குவாண்டம் கொள்கை கொண்டு 1926இல் விளக்கியவரும் அவரே. பெயர் பொருந்துகிறது, துறை பொருந்துகிறது, சந்திரசேகரோடு உறவும் பொருந்துகிறது. ஆனால் பரிசைப் பகிர்ந்தவர் வேறொருவர்: அணுக்கரு வினைகளை ஆராய்ந்த அமெரிக்கர் வில்லியம் ஃபவுலர். ரால்ஃப் பிறந்தது இங்கிலாந்தின் எசெக்ஸில். அவரைப் பிடித்துக்கொண்டு போனால் அங்கேயும் ஏதோ ஓர் ஊர் கிடைக்கும், அதற்கும் ஏதாவது ஓர் ஆறு இருக்கும். தேடல் எங்கும் முட்டி நிற்காது. தவறான விடை வரை வழுக்கிக்கொண்டே போகும். பலபடித் தேடலில் நான் மிகவும் அஞ்சுவது இதைத்தான். ஒன்றும் கிடைக்காமல் போனால் நமக்கே தெரிந்துவிடும். தவறானது கிடைத்தால், அதற்குப் பின் வரும் ஒவ்வொரு படியும் அதை உறுதிப்படுத்துவதுபோலவே தோன்றும்.

இதற்கு மருந்து, பெயரை மட்டும் தனியே எடுத்துப் போகாமல், அது எந்த நிபந்தனையால் கிடைத்ததோ அந்த நிபந்தனையையும் கூடவே கொண்டுபோவது. “ஃபவுலர் பிறந்த ஊர்” என்று தேடக்கூடாது. “1983 இயற்பியல் நோபல் பெற்ற ஃபவுலர் பிறந்த ஊர்” என்று தேட வேண்டும். ரால்ஃப் ஃபவுலர் 1944இலேயே இறந்துவிட்டார் என்பதால் ஆண்டு ஒன்றே அவரை வெளியே தள்ளிவிடும். இன்னொன்றும் முக்கியம். வேலை முடிந்த சொல்லை விட்டுவிட வேண்டும். முதல் படிக்குத் திறவுகோலாக இருந்த வெண்குறுமீன், மூன்றாம் படியில் தவறான ஃபவுலரை இழுத்துவருகிறது.

வில்லியம் ஃபவுலர் 1911இல் பென்சில்வேனியா மாநிலத்தின் பிட்ஸ்பர்க் நகரில் பிறந்தார். அவருக்கு இரண்டு வயதானபோது குடும்பம் ஒஹாயோ மாநிலத்தின் லிமாவுக்குக் குடிபெயர்ந்தது. வளர்ந்ததெல்லாம் அங்கேதான் என்பதால் அவரைப் பற்றிய குறிப்புகளில் லிமா அடிக்கடி வரும். அவசரத்தில் அதை எடுத்துக்கொண்டால், அடுத்த தேடலில் அது பெரு நாட்டுத் தலைநகராகவும் மாறிவிடக்கூடும். கேள்வி பிறந்த ஊரைத்தான் கேட்கிறது. எனவே நான்காவது தேடல் பிட்ஸ்பர்க்கின் ஆறுகள். அலெகேனியும் மொனொங்கஹேலாவும் அங்கே கூடி ஒஹாயோ ஆறாகின்றன.

எல்லாப் பலபடிக் கேள்வியும் இப்படி வரிசையாகப் போக வேண்டியதில்லை. சந்திரசேகர், வில்லியம் ஃபவுலர் இருவரில் யார் மூத்தவர் என்று கேட்டால், இரண்டு தேடல்களையும் ஒரே நேரத்தில் செய்து ஆண்டுகளை ஒப்பிட்டால் போதும். ஒன்றின் பிழை மற்றொன்றைக் கெடுக்காது. சங்கிலிக் கேள்வியில் அந்தப் பாதுகாப்பு இல்லை. படிக்கு நூற்றுக்குத் தொண்ணூறு முறை சரியாகச் செய்யும் நிரல், நான்கு படிகளையும் தவறாமல் கடப்பது நூற்றுக்கு ஏறத்தாழ 66 முறைதான்.

கணினிகளுக்கு இதைப் பழக்க 2018இல் ஹாட்பாட்க்யூஏ என்ற கேள்வித் தொகுப்பு வந்தது. விக்கிப்பீடியாப் பக்கங்களை இணைத்து எழுதப்பட்ட சுமார் 1,13,000 கேள்விகள் அதில் உண்டு. ஆனால் மறு ஆண்டே ஒரு குறை தெரிந்தது. இரண்டு பக்கங்களை இணைத்தால்தான் விடை வரும் என்று எண்ணி எழுதிய பல கேள்விகளுக்கு, ஒரே ஒரு பத்தியைப் பார்த்தே நிரல்கள் சரியான விடையைப் பிடித்துவிட்டன. கேள்வி ஓர் ஆண்டைக் கேட்டு, பத்தியில் ஒரே ஓர் ஆண்டு இருந்தால் சங்கிலி எதற்கு? 2022இல் வந்த மியூசிக் என்ற தொகுப்பு இதற்காகவே எளிய கேள்விகளைக் கவனமாகக் கோத்து, ஒரு படியின் விடை இல்லாமல் அடுத்த படி நகராதபடி கட்டப்பட்டது.

அதே ஆண்டு வந்த மற்றோர் ஆய்வு, மொழி மாதிரிகளிடம் உட்கேள்விகளைத் தனித்தனியே கேட்டால் சரியாகச் சொல்வதையும், சேர்த்துக் கேட்டால் தவறுவதையும் அளந்தது. சோதித்த மாதிரிகளின் அளவு கூடியபோதும் இந்த இடைவெளி குறையவில்லை. அடுத்த உட்கேள்வியை வெளிப்படையாக எழுதி, அதற்கு விடை கண்டு, அதன்பின் மேலே போகும்படி செய்தபோது நிலைமை மேம்பட்டது. எழுதிய உட்கேள்வியை அப்படியே தேடுபொறிக்கு அனுப்பலாம் என்பது கூடுதல் வசதி. இன்று பல தேடல் நிரல்கள் ஒரு வரி சிந்தனை, ஒரு தேடல், மீண்டும் ஒரு வரி என்று மாறி மாறி இப்படித்தான் நடக்கின்றன.

விடை வந்தபின் சரிபார்க்க நல்ல வழி, கடைசியிலிருந்து திரும்பி நடப்பது. பிட்ஸ்பர்க்கில் பிறந்த வில்லியம் ஃபவுலரின் பக்கத்தைத் திறந்து, அவர் 1983இல் யாரோடு பரிசு பெற்றார் என்று பார்க்க வேண்டும். சந்திரசேகர் பெயர் அங்கே இருக்கும். ரால்ஃப் வழியே போனவர் திரும்பி வந்தால் நோபல் பரிசையே காணமாட்டார்.

தமிழில் தேடுவோருக்கு இந்தச் சங்கிலியில் தனி இடர் ஒன்று உண்டு. ஒரு பக்கம் ஃபவுலர் என்கிறது, இன்னொன்று பௌலர் என்கிறது, மற்றொன்று ஃபௌலர். முந்தைய பக்கத்தில் கண்ட எழுத்துக்கூட்டையே அடுத்த தேடலில் இட்டால், வேறு விதமாக எழுதிய பக்கம் கண்ணில் படாமலே போகலாம். படியில் ஒன்றுமே வரவில்லையென்றால் தகவல் இல்லை என்று முடிவுகட்டுமுன் பெயரின் மற்ற வடிவங்களையும் ஆங்கில எழுத்தையும் இட்டுப் பார்க்க வேண்டும். அப்போதும் 1983ஐக் கூடவே வைத்துக்கொள்ள வேண்டும். எண்ணுக்கு எழுத்துக்கூட்டு வேறுபாடு கிடையாது.