கணவருக்குப் பின் கூட்டுக் கணக்கு

மத்திய அரசு ஓய்வூதியர் ஒருவர் ஜூன் 10 அன்று இறந்தார் என்று வைத்துக்கொள்வோம். வங்கிக்குச் சொல்லாததால் ஜூன், ஜூலை ஓய்வூதியம் முழுதாக வரவாகிவிட்டது. 10ஆம் தேதி வரையிலான தொகைதான் அவருடையது. மீதியை வங்கி திரும்ப எடுக்கும். கணக்கு முடங்க இதுவும் ஒரு காரணமாகலாம்.

மனைவி அந்தப் பணத்தைத் தொடாமல், இறப்புச் சான்றிதழுடன் உடனே கிளைக்குப் போவது நல்லது. கணக்கு ‘இருவரில் ஒருவர் அல்லது உயிருடன் இருப்பவர்’ முறையில் இருந்தால், நீதிமன்றத் தடை இல்லாதவரை, வாரிசுச் சான்று கேட்காமல் இருப்பை அவரிடம் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி.

ஓய்வூதிய ஆணையில் அவர் பெயர் இருந்தால், ஜூன் 11 முதல் குடும்ப ஓய்வூதியம் அதே கணக்கிலேயே வரும். புதுக் கணக்கு தேவையில்லை.

இருவரும் சேர்ந்து கையெழுத்திடும் கணக்கென்றால் வாரிசுகளின் ஒப்புதலும் வேண்டியிருக்கும். உங்கள் கணக்கு எந்த முறை என்பதை இன்றே பாஸ்புக்கில் பாருங்கள்.