முதலில் தாளில் வெட்டுங்கள்

மூன்று பேரைப் பேட்டி எடுத்தாகிவிட்டது. ஆளுக்கு முக்கால் மணி நேரம் பேசியிருக்கிறார்கள். கையில் இரண்டே கால் மணி நேரப் பேச்சு. வேண்டியது பத்து நிமிட ஆவணப்படம். புதிதாகப் படம் எடுப்பவர்கள் பலரும் இந்த இடத்தில் எல்லாவற்றையும் கணினியில் ஏற்றி, முதல் பேட்டியின் முதல் நிமிடத்திலிருந்து வெட்ட ஆரம்பித்துவிடுகிறார்கள். சில நாள் கழித்துப் பார்த்தால் டைம்லைனில் நல்ல ஷாட்டுகள் வரிசையாக இருக்கும். எது எதற்காக வருகிறது என்று மட்டும் சொல்ல முடியாது.

அனுபவப்பட்டவர்கள் அதற்கு முன் 'பேப்பர் எடிட்' என்றொரு வேலையை முடித்துவிடுவார்கள். பேட்டி முழுவதையும் எழுதி எடுத்து, அந்தத் தாள்களைக் கத்தரித்து வரிசைப்படுத்தி, படத்தில் யார் எதை எப்போது பேசுவது என்பதை முடிவு செய்வதுதான் அது.

எழுதும்போது பேச்சை அப்படியே எழுத வேண்டும். "வந்து", "அதாவது" என்ற இழுவைகளும் அதில் சேர்த்தி. திருத்திய நடையில் எழுதினால் தாளில் நன்றாக இருக்கும், ஆனால் அந்த வாக்கியம் பதிவில் இருக்காது. ஒவ்வொரு பதிலின் பக்கத்திலும் 00:14:32:10 என்பது போல டைம்கோடு வர வேண்டும். மணி, நிமிடம், நொடி, கடைசியில் பிரேம். இது இல்லாவிட்டால் தாளில் தேர்ந்தெடுத்த வரியைப் பதிவில் தேடியே பொழுது போய்விடும்.

ஊர்க் கண்மாய் ஏன் நிரம்புவதில்லை என்று ஒரு படம் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். பேசியவர்கள் ஒரு விவசாயி, மடை திறந்துவிடும் நீர்க்கட்டி, ஓய்வுபெற்ற பொதுப்பணித் துறை ஊழியர். வரத்துக்கால்வாயை அடைத்துவிட்டார்கள் என்கிறார் விவசாயி, 12வது நிமிடத்தில். மழையே குறைந்துவிட்டது என்று ஊழியர் சொல்வது 5வது நிமிடத்தில். உள்ளே ஒரு ஆள் உயரத்துக்கு மண் மேடிட்டிருக்கிறது என்று நீர்க்கட்டி சொல்வது 31வது நிமிடத்தில். கணினித் திரையில் இவை மூன்றும் மூன்று தனிக் கோப்புகள். தாளில் வெட்டி அடுத்தடுத்து வைத்தால் அது ஒரு வாக்குவாதம். யாருக்கு யார் பதில் சொல்வது என்பது உடனே தெரிந்துவிடும். பேட்டி முடியும் நேரத்தில் நீர்க்கட்டி, "நான் மடை தொறந்து நாலு வருசமாச்சு" என்று சொல்லியிருப்பார். படம் அங்கேதான் தொடங்க வேண்டும். ஏன் என்ற கேள்வியைப் பார்ப்பவர் மனத்தில் எழுப்பும் வரி அது.

வரிசை அமைந்ததும் கடிகாரத்தை வைத்துக்கொண்டு வாய்விட்டுப் படியுங்கள். முதல் தடவை இருபது நிமிடம் வந்தால் கவலை வேண்டாம். குறைத்துக் குறைத்து ஏழு நிமிடத்துக்குக் கொண்டு வாருங்கள். மிச்ச மூன்று நிமிடம் கண்மாய்க்கும் கரைக்கும் வேண்டும். எந்நேரமும் யாராவது பேசிக்கொண்டே இருக்கும் படத்தை யார் பார்ப்பார்கள்?

வெட்டும்போது தமிழில் ஒரு ஆபத்து உண்டு. நமக்கு வினை கடைசியில்தான் வருகிறது. சொல்பவர் நேரில் பார்த்தாரா, கேள்விப்பட்டாரா என்பதும் பெரும்பாலும் அங்கேதான் தெரியும். "ராத்திரியோட ராத்திரியா கால்வாய அடைச்சிட்டாங்கன்னு சொல்றாங்க" என்கிறார் விவசாயி. நீளத்தைக் குறைக்க "அடைச்சிட்டாங்க" என்பதோடு நிறுத்தினால், வதந்தி சாட்சியமாகிவிடும். அவர் சொல்லாத குற்றச்சாட்டை அவர் வாயில் வைத்த பாவம் நமக்கு வரும். ஆகவே தாளில் வாக்கியத்தின் வால் வரை படித்த பிறகே கோடு போட வேண்டும்.

இன்னொரு சிக்கல், கேள்வியைச் சார்ந்து நிற்கும் பதில். "ஆமா, அது அப்பவே போச்சு" என்ற வரி உருக்கமாக இருக்கலாம். கேள்வி கேட்டவரின் குரலை நீக்கிவிட்டால் எது போயிற்று என்று யாருக்கும் புரியாது. வேறொருவர் பேச்சிலிருந்து ஒரு வரியை அதற்கு முன்னால் வைக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் விட்டுவிடுங்கள்.

தாளுக்குக் காது கிடையாது. விவசாயி பேச்சை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் கண்மாயைப் பார்த்திருப்பார். எழுத்துப் படியில் அது வெறும் இடைவெளி. ஒரு வரியின் குறுக்கே பஸ் ஹாரன் அடித்திருக்கும். வாக்கியம் முடிந்த இடத்திலும் குரல் இறங்காமல் அடுத்ததற்குத் தாவியிருக்கும். அங்கே வெட்டினால் பேச்சு அந்தரத்தில் நிற்கும். அதனால் பேட்டியைக் கேட்டுக்கொண்டே தாளின் ஓரத்தில் மௌனம், சிரிப்பு, இரைச்சல் ஆகியவற்றைக் குறித்துவிடுவது நல்லது.

இவ்வளவும் ஆன பிறகு டைம்லைனைத் திறக்கலாம். டைம்கோடு வரிசைப்படி பேச்சை மட்டும் அடுக்கி, திரையைப் பார்க்காமல் வானொலி நாடகம் கேட்பதுபோல் ஒருமுறை கேளுங்கள். காதுக்கு இடறும் இடங்களை மாற்றிய பிறகு காட்சிகளைச் சேருங்கள். தேறாத தாள் துண்டுகளைக் குப்பையில் போடாமல் ஒரு உறையில் போட்டு வையுங்கள். அப்படிக் கேட்கும்போது அவற்றில் இரண்டு மூன்று கட்டாயம் திரும்பத் தேவைப்படும்.